ஏசிக்குக் கீழே உரிந்த கால்கள்: திருப்பூர் அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த வறண்ட தோல்

மாசி மாதத்தில் அந்தப் பெண் வந்தார். வயது முப்பத்து நான்கு. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர் வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஏழு, ஏழரை ஆகிவிடும். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"ஏனுங்க டாக்டர், சாயங்காலம் பேன்ட்டைக் கழட்டினா உள்பக்கம் பூரா மாவு கொட்டின மாதிரி இருக்குதுங்க" என்றார். முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று நான்கு மணி வாக்கில் அரிப்பு ஆரம்பிக்கும். மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது சொறியவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. மூக்கின் இரு பக்கமும் வாயோரமும் உரிந்ததால் பவுடர் போட்டால் திட்டுத்திட்டாக நின்றது. வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அரிப்பு பாதியாகக் குறைந்தது. தோலின் தொல்லை வாரநாளுக்கும் விடுமுறைக்கும் இப்படி மாறினால் வேலை செய்யும் இடத்தை விசாரிக்காமல் விடக்கூடாது.

பரிசோதனையில் முதலில் கண்ணில் பட்டது, வலது கால் இடது காலைவிட மோசமாக இருந்ததுதான். வலது முன்கையும் அப்படியே. இடது முழங்காலுக்குக் கீழே மெல்லிய செதில் மட்டும் இருந்தது. வலது காலிலோ தண்ணீர் வற்றிய ஏரியின் வண்டல் மாதிரி தோல் கட்டம் கட்டமாக வெடித்து, வெடிப்புகளின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. உடம்புக்குள்ளிருந்து வரும் வறட்சி பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் வெளியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "உங்க சீட்டுக்கு ஏசி எந்தப் பக்கம் வருது அம்மணி?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்து, "வலப்பக்கம் மேலே கேசட் ஏசிங்க, காத்து நேரா கைமேலயும் கால்மேலயும் விழும்" என்றார்.

இருந்தாலும் ஏசியின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு அனுப்ப முடியாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் தோல் இப்படி வறண்டு உரியும். அதனால் டிஎஸ்எச் பார்த்தோம், சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. பிறவியிலேயே வரும் மீன்செதில் தோல் நோயா என்று உள்ளங்கையைப் பார்த்தேன். அந்த நோய் இருப்பவர்களுக்கு உள்ளங்கை ரேகைகள் வழக்கத்தைவிட ஆழமாகவும் நெருக்கமாகவும் ஓடும், சிறு வயது முதலே கால் செதில் இருக்கும். இவருக்கு இரண்டும் இல்லை. தலையிலும் முழங்கையிலும் சொரியாசிஸ் அடையாளம் எதுவும் இல்லை. முகப்பருவுக்கு ரெட்டினாய்டு களிம்பு ஏதும் போடவில்லை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். முகம் மட்டும் உரிகிறது என்று வருபவர்களில் பலரிடம் காரணம் அந்தக் களிம்பாகவே இருக்கும்.

தண்ணீர் எங்கே போனது

தோலின் மேலடுக்கு, அதாவது செத்த செல்கள் அடுக்கி நிற்கும் கொம்புப்படலம், ஒரு தாளைவிட மெல்லியது. அதில் எடையில் பத்து சதவீதத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் வளையும் தன்மை போய் வெடிக்க ஆரம்பிக்கும். செதில் வருவதற்குக் காரணம் கொஞ்சம் நுட்பமானது. நம் எல்லோருக்கும் தினமும் தோல் செல்கள் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுத்துவிடுவது சில நொதிகள். அந்த நொதிகள் வேலை செய்ய ஈரம் வேண்டும். ஈரம் இல்லையென்றால் பிணைப்பு அறாது, செல்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நின்று பிறகு கொத்தாகக் கழன்று விழும். அந்தக் கொத்துதான் பேன்ட்டில் கொட்டிய வெள்ளை. எனவே செதிலைத் தேய்த்து எடுப்பதால் பயன் இல்லை. ஈரத்தைத் திருப்பிக் கொடுத்தால் செதில் தானாக அடங்கும்.

ஏசி அறையைக் குளிர்விக்கும்போதே காற்றின் ஈரத்தையும் பிடுங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் குளிர்ந்த காயிலில் பட்டு ஆவி தண்ணீராகிறது. வெளியே குழாயில் சொட்டிக்கொண்டிருப்பது அறையில் இருந்த ஈரம்தான். மாசி, பங்குனியில் கொங்குப் பகுதியில் வெளிக்காற்றே மதியத்தில் காய்ந்து கிடக்கும். அதிலிருந்தும் ஏசி ஈரத்தை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி மேஜையில் வைக்கச் சொன்னேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மாலை நான்கு மணிக்கு முப்பத்தெட்டு சதவீதம் காட்டியதாக போட்டோ எடுத்து அனுப்பினார். ஈரப்பதம் நாற்பதுக்குக் கீழே போய், அதன் மேல் காற்றும் நேராக அடித்தால் தோலின் மேற்பரப்பில் ஈரம் தங்காது. அதே அறையில் காற்று நேரடியாகப் படாத இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தொல்லை இல்லாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் தோலின் சொந்த ஏற்பாடு அதற்கு முன்பே குளியலறையில் கெட்டுப்போயிருந்தது. வீட்டில் போர் தண்ணீர், நல்ல உப்பு. குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது. தோலின் இயல்பான நிலையோ லேசான அமிலம். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதேபோல் தோலிலும் படிந்து, எத்தனை செம்பு ஊற்றினாலும் முழுதாகப் போகாது. இவர் நன்றாகச் சூடான தண்ணீரில் குளிப்பவர். செதிலை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பவர். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, தலைக்குப் போட்ட அரப்பையே கால் கைக்கும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை உரசுபவர். அரப்பு எண்ணெயை எடுப்பதில் கெட்டிக்காரத்தனமான பொருள், தலைமுடிக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. வெடித்த காலில் அதைப் போட்டுத் தேய்த்தால் வெளியிலிருந்து வைத்த எண்ணெயோடு தோலுக்குள் இருக்கும் கொழுப்பும் சேர்ந்து போய்விடும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தவை

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்கச் சொன்னேன். ஹயலுரானிக் அமிலம் சீரம் ஒன்று. கிளிசரினும் பன்னீரும் கலந்த ஸ்ப்ரே பாட்டில், அதை மதியம் இரண்டு மூன்று தடவை முகத்திலும் கையிலும் அடிப்பாராம். ஐம்பது கிராம் மாய்ஸ்சரைசர் டியூப் ஒன்று, இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியது, இன்னும் பாதி இருந்தது. காங்கேயத்துச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் சின்ன பாட்டிலில், உறைந்து போய். தேங்காய் எண்ணெய் இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். அலுவலகத்தில் எவ்வளவு குளிர் வைக்கிறார்கள் என்று அந்தப் பாட்டிலே சொல்லிவிட்டது.

வறண்ட தோலுக்குப் போடும் பொருட்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. தண்ணீரைப் பிடித்து வைப்பவை ஹியூமெக்டன்ட்: கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம், ஹயலுரானிக் அமிலம் எல்லாம் இந்த வகை. செல்களுக்கு நடுவில் விழுந்த இடைவெளியை நிரப்பி வழுவழுப்பாக்குபவை எமோலியன்ட்: தாவர எண்ணெய்கள், ஸ்குவாலேன், செடில் ஆல்கஹால் போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள், செராமைடுகள். மேலே ஒரு படலமாக உட்கார்ந்து தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பவை ஒக்ளூசிவ்: வாசலின் என்று நாம் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லி, திரவ பாரஃபின், டைமெத்திகோன், தேன்மெழுகு. இந்த மூன்றாவது வேலையில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை.

இப்போது இவருடைய பாட்டில்களைப் பாருங்கள். சீரமும் ஸ்ப்ரேயும் முதல் வேலைக்கானவை. ஹியூமெக்டன்ட் பிடித்து வைக்க ஓரிடத்திலிருந்து தண்ணீர் வர வேண்டும். ஐப்பசி மழையில் காற்றிலிருந்தே கிடைக்கும். முப்பத்தெட்டு சதவீதம் ஈரம் உள்ள அறையில் காற்று கொடுக்காது. தோலின் கீழடுக்கிலிருந்து வரும் தண்ணீரும் மேலே மூடி இல்லாவிட்டால் காற்றோடு போய்விடும். முகத்தில் அடித்த ஸ்ப்ரே ஐந்து நிமிடம் குளுகுளுவென்று இருந்து, காய்ந்ததும் தோல் இழுக்கும். இவரே சொன்னார்: "அடிச்சவுடனே நல்லாருக்குதுங்க, அப்புறம் முன்னைக்கும் மோசமா இறுக்குதுங்க." கெட்ட பொருள் என்று அவற்றைச் சொல்ல முடியாது, தனியாக, உலர்ந்த காற்றில், மேலே எதுவும் பூசாமல் போட்டதுதான் கோளாறு.

தேங்காய் எண்ணெயை அலுவலகத்திலேயே, காய்ந்த காலில், மாலையில் தடவியிருக்கிறார். அது நல்ல எமோலியன்ட், ஓரளவு மூடவும் செய்யும். ஆனால் தண்ணீரைப் பிடிக்கும் பொருள் அதில் இல்லை. காய்ந்து கிடக்கும் தோலில் தடவினால் செதில் படிந்து பளபளக்கும், வறட்சி அப்படியே கீழே இருக்கும். அதே எண்ணெயைக் குளித்த ஈரம் காயும் முன் தடவியிருந்தால் பலன் வேறாக இருந்திருக்கும்.

மாய்ஸ்சரைசர் டியூப் மட்டும் சரியான பொருள். அளவு போதவில்லை, அவ்வளவுதான்.

என்ன செய்தோம்

முதல் இரண்டு வாரத்துக்கு யூரியா வேண்டாம் என்று முடிவு செய்தேன். வெடிப்பு திறந்திருக்கும்போது யூரியாவோ லாக்டிக் அமிலமோ பட்டால் எரியும். ஒரு தடவை எரிந்தால் அதற்குப் பிறகு ஆள் அந்த டியூபைத் தொடமாட்டார்.

குளியல் பத்து நிமிடத்துக்குள், வெதுவெதுப்பான தண்ணீரில். வழக்கமான சோப்புக்குப் பதில் சோப்பில்லாத சின்டெட் கட்டி; அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும். கால் கைக்கு வெறும் தண்ணீரே போதும். கடைசியாக ஊற்ற ஒரு வாளி நகராட்சிக் குழாய்த் தண்ணீர். நார், அரப்பு எதுவும் கால் பக்கம் போகக்கூடாது. துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக்கூடாது.

அதன் பிறகு மூன்று நிமிடத்துக்குள், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, குளியலறையை விட்டு வெளியே வருவதற்கு முன் கிரீம். நான் எழுதிக்கொடுத்தது கிளிசரின், திரவ பாரஃபின், வெள்ளை மென்பாரஃபின் மூன்றும் சேர்ந்த சாதாரண கிரீம். மூன்று வேலையும் ஒரே டப்பாவில் முடிந்துவிடும். வலது காலுக்கு மட்டும் அதன் மேல் ஒரு பட்டாணி அளவு வாசலினை இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து, பளபளப்பு லேசாகத் தெரியும் அளவுக்கு ஒற்றச் சொன்னேன். இரவு படுக்கும் முன் காலை நனைத்து மறுபடியும் இதே வரிசை. வரிசை மாறினால் பலன் போய்விடும்: வாசலின் அடியில் போனால் அதன் மேல் போடும் சீரமோ கிரீமோ உருண்டு உருண்டு அழுக்காக வந்துவிடும். தோலில் அப்படி உருளுகிறதென்றால் மெழுகுத் தன்மையுள்ளது முதலில் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

அளவை நான் விரலில் காட்டினேன். டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனி முதல் முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது சரியாக இருக்கும். பாதம் தவிர்த்து ஒரு காலுக்கு ஆறு கோடு, மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று. இரண்டு கால், இரண்டு கை என்று கூட்டினால் பதினெட்டு கோடு, அதாவது ஒன்பது கிராம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் பதினெட்டு கிராம். இரண்டு வாரத்துக்கு கால் கிலோ. அவர் இரண்டு மாதத்தில் ஐம்பது கிராம் டியூபில் பாதியை மட்டுமே முடித்திருந்தது நினைவிருக்கும். "இவ்வளவாங்க?" என்று நிஜமாகவே அதிர்ந்தார். எத்தனையோ பேர் "கிரீம் போட்டுப் பாத்துட்டங்க, கேக்கலீங்க" என்று வருகிறார்கள். அவர்களிடம் எவ்வளவு நாளில் ஒரு டியூப் தீர்ந்தது என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இந்த அளவுக்கு விலையுயர்ந்த கிரீம் கட்டுப்படியாகாது. நானூறு கிராம், அரைக் கிலோ டப்பாவில் வரும் வாசனையில்லாத சாதாரண கிரீமே போதும். வாசனை சேர்த்தது வெடித்த தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும், அதனால் அதைத் தவிர்க்கச் சொன்னேன்.

முகத்துக்குக் கிளிசரினும் டைமெத்திகோனும் செராமைடும் உள்ள லோஷன், கழுவிய ஈரத்திலேயே, அதன் மேல் சன்ஸ்கிரீன். இரவில் வாயோரத்துக்கும் மூக்கோரத்துக்கும் மட்டும் ஒரு துளி வாசலின். சீரம் வாங்கிவிட்டோமே என்று தயங்கினார். ஈர முகத்தில் முதலில் சீரம், உடனே மேலே லோஷன் என்று போடலாம் என்றேன். ஸ்ப்ரே பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடச் சொன்னேன். அலுவலக மேஜையில் கை கழுவியபின் போட ஒரு ஹேண்ட் கிரீம் இருந்தால் போதும்.

இருக்கையை மாற்ற நிர்வாகம் சம்மதிக்கவில்லை. கேசட் ஏசியின் அந்தப் பக்க இதழை மட்டும் மேல்நோக்கித் திருப்பிவைக்க ஏசி மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார். அது ஐந்து நிமிட வேலை. வெப்பநிலையையும் இருபத்து நான்குக்கு உயர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏசிகள் எல்லாம் இருபத்து நான்கு டிகிரியையே இயல்பு நிலையாகக் காட்ட வேண்டும் என்று எரிசக்தித் திறன் செயலகம் வைத்த விதியை அவர் அலுவலகத்தில் எடுத்துச் சொன்னது உதவியாம். வெப்பநிலையை ஏற்றியதைவிட, காற்று நேராக விழாமல் போனதுதான் தோலுக்கு அதிகம் செய்தது என்பது என் கணிப்பு.

இரண்டு வாரத்துக்குப் பிறகு

செதில் முதல் மூன்று நாளிலேயே படிந்துவிட்டது. இதை வைத்துக் குணமாகிவிட்டதாக நினைத்துப் பலர் நிறுத்திவிடுவார்கள். கிரீம் செதிலைப் படிய வைப்பது உடனே நடக்கும். தோல் தன் தடுப்பைத் திரும்பக் கட்டுவதற்கு வாரங்கள் ஆகும், ஏனென்றால் கொம்புப்படலம் முழுதாக மாறவே ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். அரிப்பு எப்போது நின்றது என்பதே நம்பத்தக்க அளவுகோல். இவருக்கு இரண்டாவது வாரத்தின் நடுவில் மதிய அரிப்பு போனது. வலது காலின் வெடிப்புகள் மூடியிருந்தன.

கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்திருந்தது. தொடையில் முடிக்கால்களில் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள். விசாரித்தால் வீட்டில் அத்தை, "இவ்வளவு நல்ல எண்ணெய் இருக்கறப்ப கிரீம் எதுக்கு அம்மணி" என்று சொல்லி, கிரீமுக்கு மேல் தேங்காய் எண்ணெயை அழுத்தித் தேய்த்துவிட்டிருக்கிறார், கீழிருந்து மேலாக. அதன் மேல் இறுக்கமான லெக்கிங்ஸ், வெயிலில் ஸ்கூட்டர். முடி வளரும் திசைக்கு எதிராகக் கெட்டியான பொருளைத் தேய்த்தால் அது முடிக்கால்களில் அடைத்துக்கொள்ளும், வியர்வையும் சேர்ந்தால் அழற்சி வந்துவிடும். தொடையில் வாசலினும் எண்ணெயும் நிறுத்தினோம், மேலிருந்து கீழாகத் தடவ வைத்தோம், பருத்திப் பேன்ட்டுக்கு மாறச் சொன்னோம். ஒரு வாரத்தில் அடங்கியது. அத்தையின் எண்ணெயை முழுதாக விலக்கவில்லை. இரவில் ஈரக்காலில் கிரீமுக்குப் பதிலாக அதைத் தடவ விருப்பமென்றால் செய்யலாம், இரண்டையும் அடுக்க வேண்டாம் என்றேன்.

வெடிப்பு மூடிய பிறகு கால்களுக்கு இரவில் மட்டும் பத்து சதவீத யூரியா கிரீம். இந்த அளவில் அது தண்ணீரைப் பிடிப்பதோடு கெட்டிப்பட்ட செதிலையும் தளர்த்தும். முகத்தில் போடக்கூடாது.

வலது காலின் முன்பக்கம் மட்டும் ரூபாய் நாணய அளவில் ஒரு வட்டம் சிவந்து அரித்துக்கொண்டே இருந்தது. சுற்றிலும் எல்லாம் மிருதுவான பிறகும் அது மாறவில்லை. மாய்ஸ்சரைசரின் எல்லை அங்கே முடிகிறது. வட்டமாக இருப்பதால் படை என்று நினைத்து, மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த டியூபை ஏற்கெனவே சில நாள் போட்டிருந்தார். அந்தக் கலவை உண்மையான படையின் உருவத்தையே மாற்றிக் குழப்பிவிடும். எனவே அதை நிறுத்தி, செதிலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். பூஞ்சை இல்லை. வறட்சியின் மேல் வந்த எக்ஸிமா அது. மிதமான ஸ்டீராய்டு களிம்பு, அந்த வட்டத்தில் மட்டும், ஒரு வேளை, பத்து நாள். கிரீமுக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி. வட்டம் மறைந்து பழுப்புத் தழும்பு நின்றது, அது மங்கச் சில மாதம் ஆகும் என்று முன்பே சொல்லிவைத்தேன்.

ஒரு எச்சரிக்கையை எல்லோரிடமும் சொல்கிறேன், இவரிடமும் சொன்னேன். பாரஃபின் கிரீமும் வாசலினும் தினமும் பூசினால் நைட்டியிலும் போர்வையிலும் அது ஊறும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அப்படி ஊறிய துணியில் நெருப்புப் பட்டால் வேகமாகப் பற்றிக்கொள்ளும். இரவு பூசிய நைட்டியோடு காலையில் கேஸ் அடுப்பின் முன் நிற்கக்கூடாது, விளக்கேற்றும்போதும் கவனம் வேண்டும்.

சித்திரை வெயிலில் வந்தபோது பகல் வாசலினை நிறுத்திவிட்டு காலையில் லேசான லோஷன், இரவில் கிரீம் என்று குறைத்தோம். வியர்க்கும் நாட்களில் கெட்டியான மூடிகள் வேர்க்குருவைத்தான் கொண்டுவரும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பி ஆடி முடியும்வரை அடிக்கும்போது, ஸ்கூட்டரில் போகிறவருக்கு முகமும் உதடும் முதலில் காயும்; அப்போது லோஷனை விட்டுக் கிரீமுக்குத் திரும்ப வேண்டும். மார்கழிப் பனி தொடங்கியதும் செதிலுக்காகக் காத்திராமல் இரண்டு வேளை முறைக்கும், வலது காலுக்கு மேல்பூச்சு வாசலினுக்கும் போகச் சொல்லியிருக்கிறேன். இதற்கு நடுவில் வெடிப்பிலிருந்து நீர் வடிந்தாலோ, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, காலின் சிவப்பு சூடாகிப் பரவினாலோ கிரீமை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே வரவேண்டும் என்று சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.